துக்க நாள்களில் திட்டமிட்ட பதிவுகளை நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும்: முழுமையான வழிகாட்டி

கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்பவர்கள், பதினைந்து நாள்களுக்கோ ஒரு மாதத்துக்கோ உரிய பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடுகிறார்கள். ஊரில் ஒரு பெருந்துயரம் நேர்ந்த இரவிலும், நாடு துக்கம் அனுசரிக்கும் நாளிலும், குறித்த நேரத்துக்கு அந்தப் பதிவுகள் தாமாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். அவற்றை எந்த வரிசையில் நிறுத்துவது, நிறுத்திய பின் எதை எழுதுவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை ஒரு ஜவுளிக்கடைப் பக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

அந்த எடுத்துக்காட்டின் காலம் 2024 டிசம்பர் கடைசி வாரம். முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் 26.12.2024 வியாழன் இரவு 9.51 மணிக்குக் காலமானார். மத்திய அரசு அன்று முதல் 1.1.2025 வரை ஏழு நாள் அரசுமுறைத் துக்கம் அறிவித்தது. ஆண்டு இறுதி விற்பனையும் புத்தாண்டு வாழ்த்தும் சேர்ந்து விழும் அதே ஏழு நாள்கள்தான் அவை. நான் கவனித்துவந்த கடைக்கு அந்த வாரத்தில் ஒன்பது பதிவுகளும், இரண்டு கட்டண விளம்பரங்களும், 31ஆம் தேதி நள்ளிரவுக்கு ஒரு வாட்ஸ்அப் வாழ்த்தும் காத்திருந்தன.

## 1. முன்னரே செய்து வைக்க வேண்டியவை

முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். கடையின் பெயரில் வாடிக்கையாளரைச் சென்றடையும் வழிகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ், கூகுள் வரைபடத்தில் உள்ள கடைப் பக்கம், கட்டண விளம்பரங்கள், வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, தானியங்கிப் பதில்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்தக் கருவியிலிருந்து செல்கிறது, அதை நிறுத்தும் உரிமை யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மெட்டா பிசினஸ் சூட்டின் `Planner` பக்கத்தில் தெரிவதுதான் எல்லாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். என்னுடன் பணியாற்றிய இளைஞர் ஒருவர், ஒரு துயர நாளின் இரவில் அந்தப் பக்கத்திலிருந்த பதிவுகள் அனைத்தையும் பொறுப்போடு நிறுத்திவிட்டுத்தான் படுத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, கடை மேலாளர் வேறொரு நிறுவனத்தின் வழியாகப் பதிந்து வைத்திருந்த விற்பனைக் குறுஞ்செய்தி ஆயிரக்கணக்கானோருக்குச் சென்றுவிட்டது. அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டாவதாக, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். நிறுத்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், மீண்டும் தொடங்குவதற்கு மட்டும் உரிமையாளரின் சொல் வேண்டும் என்பதே நான் எல்லா இடங்களிலும் கேட்டுப் பெறும் ஏற்பாடு. இரவு பதினொரு மணிக்கு உரிமையாளரின் கைபேசி அணைந்திருக்கலாம். அனுமதிக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான் தவறான பதிவு வெளியே போகிறது.

மூன்றாவது, ஆண்டுதோறும் திரும்பி வரும் துக்க நாள்கள். டிசம்பர் 26 என்றால் நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரிக் கடலோரத்திலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நினைவுக்கு வரும். ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தின் நினைவு நாள். 2004இல் நடந்த அந்த விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். கும்பகோணத்துக் கடை ஒன்று அந்தத் தேதியில் பள்ளிப் பைகளுக்குச் சிரிக்கும் குழந்தைகளின் படத்தோடு விளம்பரம் வெளியிட்டால், அதைப் பார்த்துத் துடிக்கும் குடும்பங்கள் அதே தெருவில் இருக்கும். உங்கள் ஊருக்கு உரிய தேதிகளைப் பதிவு நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்துவிட்டால், அந்த நாளைத் தவிர்த்தே திட்டமிடலாம்.

## 2. முதல் பதினைந்து நிமிடங்கள்: திரும்பப் பெற முடியாததை முதலில் நிறுத்துங்கள்

செய்தி கேட்டதும் கைக்கு எட்டிய கருவியைத் திறப்பது இயல்பு. ஆனால் வரிசையை முடிவு செய்ய வேண்டியது, எது வெளியே போனால் திரும்பப் பெற இயலாது என்ற கேள்விதான்.

ஆகவே முதல் இடம் குறுஞ்செய்திக்கும் வாட்ஸ்அப் மொத்தச் செய்திக்கும். ஃபேஸ்புக் பதிவை ஐந்து நிமிடத்தில் நீக்கிவிடலாம். வாடிக்கையாளரின் கைபேசியில் விழுந்த குறுஞ்செய்தியை நீக்க வழியே இல்லை. எங்கள் எடுத்துக்காட்டில் வாட்ஸ்அப் வாழ்த்துக்கு இன்னும் ஐந்து நாள்கள் இருந்தன. இருந்தாலும், அனுப்பும் நிறுவனத்தின் தளத்தில் அந்த வரிசையைத்தான் முதலில் நிறுத்தினோம். பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று விட்டது மறந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து கட்டண விளம்பரங்கள். இவை திட்டமிட்ட பதிவுகளின் பட்டியலில் தோன்றாது. போன வாரம் பணம் கட்டிப் பரப்பிய ஒரு ரீல்ஸ், `Planner` பக்கத்தில் நீங்கள் எதைச் செய்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விளம்பரங்களுக்கான தனிப் பக்கத்துக்குச் சென்று, ஒவ்வொரு விளம்பரத் தொகுப்பின் பக்கத்திலும் உள்ள பொத்தானை அணைக்க வேண்டும். கூகுள் விளம்பரம் இருந்தால் அதற்கும் தனியாகச் செல்ல வேண்டும்.

மூன்றாவதாகத்தான் திட்டமிட்ட பதிவுகள். அவற்றிலும் அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் செல்ல வேண்டியவற்றை முதலில் எடுங்கள். மெட்டா பிசினஸ் சூட்டில் பதிவின் தேதியைத் தள்ளி வையுங்கள், அல்லது வரைவாக மாற்றிவிடுங்கள். இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளிருந்தே நேரம் குறித்தவை இருந்தால், அவற்றைச் செயலியிலுள்ள `Scheduled content` பகுதியில் தனியாகப் பாருங்கள். யூடியூபில் நேரம் குறித்த காணொளியைத் திறந்து, அதன் `Visibility` அமைப்பை `Private` என்று மாற்ற வேண்டும். எக்ஸ் தளத்தில் வரைவுகளுக்குள் `Scheduled` என்ற பிரிவு இருக்கும். பஃபர் போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் `Pause Queue` என்ற வசதி இருக்கிறது. ஒரு கணக்கில் அழுத்தினால் எல்லாக் கணக்குகளும் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த நேரத்தில் எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் அழித்த பதிவோடு அதன் படமும் எழுத்தும் போய்விடும். ஒரு வாரம் கழித்து அதையே முதலிலிருந்து செய்ய நேரும்.

கடைசியாகத் தானியங்கிப் பதில்கள். “வணக்கம்! கொண்டாட்டத்துக்குத் தயாரா?” என்று தொடங்கும் வரவேற்புச் செய்தி இருந்தால், “வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் பதில் அளிக்கிறோம்.” என்று மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை இது. ஆனால் பெரும்பாலானோர் மறப்பதும் இதைத்தான்.

## 3. செய்தியை உறுதிசெய்வது

நிறுத்துவதற்கு உறுதிப்பாடு தேவையில்லை. செய்தி பொய்யாக இருந்தால், சில மணி நேரம் ஒரு விளம்பரம் ஓடவில்லை என்பதோடு போய்விடும். ஆனால் இரங்கல் பதிவு எழுதுவதற்கு உறுதிப்பாடு கட்டாயம் தேவை.

5.12.2016 மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் செய்தி வெளியிட்டன. கட்சித் தலைமையகத்தில் அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்ட கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. இரவு 11.30 மணிக்கு அவர் காலமானதாக மருத்துவமனை அறிவித்தது நள்ளிரவுக்குப் பிறகுதான். தொலைக்காட்சியை நம்பி மாலையிலேயே இரங்கல் படத்தை வெளியிட்டவர்கள் அதை அவசரமாக நீக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு தலைவரின் மறைவென்றால் மருத்துவமனை, குடும்பம், அரசு ஆகியவற்றுள் ஒன்றின் அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். துக்கம் எத்தனை நாள் என்பதை உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பிலோ மாநில அரசின் செய்திக் குறிப்பிலோ பாருங்கள். பகிரப்பட்டுவரும் படத்தில் உள்ள தேதியை நம்ப வேண்டாம். முதல் நாள் கணக்கில் சேர்கிறதா, கடைசி நாள் எது என்பதை அறிவிப்பு தெளிவாகச் சொல்லும். 2024 டிசம்பரில் புத்தாண்டு நாளும் துக்கக் காலத்துக்குள் வருகிறது என்பது, அந்த இரண்டு தேதிகளையும் படித்தவர்களுக்கே தெரிந்தது.

## 4. எத்தனை நாள் நிறுத்துவது

அரசுமுறைத் துக்கம் என்பது அரசுக்கான ஒழுங்கு. கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், அரசின் கேளிக்கை நிகழ்ச்சிகள் நடைபெறா. தனியார் கடை விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் எதுவும் இல்லை. எனவே ஏழு நாளும் பக்கத்தை முழுமையாக மூடி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த நாளே பட்டாசுப் படத்தோடு வரலாம் என்பதும் இதன் பொருள் இல்லை.

எங்கள் கடைக்கு நாங்கள் செய்த முடிவு இது. இறுதிச் சடங்கு நடந்த 28ஆம் தேதி சனிக்கிழமை முடியும்வரை எந்தப் பதிவும் இல்லை. 29 முதல் 1 வரை கடை நேரம், புதிய வரவு போன்ற தகவல்கள் மட்டும், இசையும் கொண்டாட்டச் சொற்களும் இல்லாமல். விற்பனை விளம்பரம் ஜனவரி 2 முதல். நள்ளிரவு வாழ்த்தைக் கைவிட்டு, பொங்கலுக்கு அனுப்பும் செய்தியோடு சேர்த்துவிட்டோம். உரிமையாளருக்கு இதில் தயக்கம் இருந்தது. ஆண்டு இறுதி விற்பனை அவருக்குச் சிறிய தொகை அல்ல. சலுகையை நிறுத்தச் சொல்லவில்லை, கடைக்குள் அது தொடரட்டும், அதைக் கூவி அறிவிப்பதை மட்டுமே தள்ளிவைக்கிறோம் என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

உள்ளூர்த் துயரத்துக்கு இப்படி நாள் கணக்கை யாரும் எழுதித் தருவது அரிது. 27.9.2025 சனிக்கிழமை இரவு கரூரில் அரசியல் கூட்டமொன்றில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். நான்கு நாளில் ஆயுத பூஜை, அதற்குப் பின் மூன்று வாரத்துக்குள் தீபாவளி. கரூரில் இருக்கும் கடைக்கும் சென்னையில் இருக்கும் கடைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பின்தொடர்வோரில் எத்தனை பேர் அந்த மாவட்டத்தினர் என்பதை உங்கள் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதி ஊர் வாரியாகக் காட்டும். அதைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட ஊரிலேயே கடை இருந்தால், இறுதிச் சடங்குகள் முடிந்து காயமடைந்தோர் வீடு திரும்பத் தொடங்கும்வரை விற்பனைக் குரல் வேண்டாம் என்பது என் நடைமுறை. தொலைவில் இருந்தால் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். ஆனால் அடுத்து வரும் பகுதியில் சொல்லும் சொல் சோதனை, தொலைவில் இருப்பவர்களுக்கும் தேவை.

மருந்துக்கடை, மருத்துவமனை, ரத்த வங்கி, பேருந்து நிறுவனம் ஆகியவை மௌனமாகிவிடக் கூடாது. கடை திறந்திருக்குமா, வண்டி ஓடுமா என்று மக்கள் தேடி வரும் நாள் அது. அவர்களின் பக்கத்தில் கொண்டாட்டத்தை நிறுத்துங்கள், தகவலை நிறுத்தாதீர்கள்.

## 5. பதிவுகளைப் பிரிப்பதும் சொற்களைச் சோதிப்பதும்

அமைதியான பிறகு, நிறுத்தி வைத்த ஒவ்வொரு பதிவையும் திறந்து மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: அப்படியே செல்லலாம், மாற்றி எழுதிச் செல்லலாம், பிறகு பார்க்கலாம். தலைப்பை மட்டும் பார்த்துப் பிரிக்கக் கூடாது. படத்துக்குள் எழுதியிருப்பது, காணொளியின் பின்னணி இசை, முதல் கருத்தாகப் போடும் வரி, இணைப்பில் தோன்றும் படம் ஆகிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எழுத்தை அடக்கமாக மாற்றிவிட்டுக் குத்துப்பாட்டை அப்படியே விட்ட ரீல்ஸ்களைக் கண்டிருக்கிறேன்.

இனி சொற்கள். நம் விளம்பரத் தமிழில் உருவகம் அதிகம், அதுவும் இயற்கைச் சீற்றத்தையும் கூட்டத்தையும் வைத்தே அமைந்தது. மற்ற நாள்களில் யாரும் கவனிக்காமல் கடந்துவிடும் அந்தச் சொல், குறிப்பிட்ட ஒரு துயரத்துக்குப் பிறகு நெஞ்சில் குத்தும்.

30.7.2024 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தபோது, தமிழ்நாட்டில் ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. கேரள அரசு இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. நீலகிரியிலும் கோவையிலும் பலருக்கு அங்கே உறவுகள் உண்டு. அந்த வாரத்துக்கு ஒரு கோவைக் கடையில் தயாராக இருந்த வரி இது: “ஆடித் தள்ளுபடி மழை! சலுகை வெள்ளத்தில் மூழ்கத் தயாரா?” எழுதியவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன் எழுதிய வரி அது. ஆனாலும் அந்த வாரத்தில் அதை ஒருவரும் பார்க்கும்படி விடக் கூடாது. நாங்கள் அதை ஒரு வாரம் தள்ளி, “ஆடி மாதம் முழுவதும் பருத்திப் புடவைகளுக்குத் தள்ளுபடி உண்டு. கடை காலை 10 முதல் இரவு 9 வரை.” என்று மாற்றினோம். மழை பெய்யும் படமும் எடுக்கப்பட்டது.

கரூர் துயரத்துக்குப் பிறகு கவனிக்க வேண்டியிருந்தவை வேறு சொற்கள். “கூட்டம் அலைமோதுகிறது”, “முண்டியடித்து வாங்கும் மக்கள்”, “முந்துங்கள்”, “திக்குமுக்காட வைக்கும் சலுகை” ஆகிய எல்லாமே தீபாவளி விளம்பரத்தின் அன்றாடச் சொற்கள். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை மேலிருந்து எடுத்த படம், கடை வாசலில் ஷட்டர் ஏறியதும் மக்கள் உள்ளே ஓடும் காணொளி ஆகியவற்றையும் அந்தப் பருவம் முழுவதும் ஒதுக்கி வைத்தோம். தீ விபத்து என்றால் “தீயாய்ப் பரவும்”, “விலையைக் கொளுத்திவிட்டோம்”, விமான விபத்து என்றால் “பறந்து வாருங்கள்” என்று, நடந்த துயரத்தின் தன்மையைக் கொண்டு சொற்களைத் தேட வேண்டும். எந்தத் துயரத்துக்கும் பொருந்தும் ஒரே தடைப்பட்டியலைத் தயாரித்து வைத்துக்கொள்வதில் பயனில்லை. நடந்ததை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, மழை, மண், கூட்டம், மூச்சு, ஓட்டம், இடிபாடு என அதில் வரும் பொருள்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் உங்கள் பதிவுகளில் தேடுங்கள்.

மாற்றி எழுதும்போது, ஆச்சரியக்குறி, நெருப்பு, பட்டாசு, விசில் போன்ற குறிப்படங்கள், “அதிரடி”, “தெறிக்கவிடும்” போன்ற சொற்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டாலே பாதித் தொனி இறங்கிவிடும். மீதிப் பாதி, வாசகருக்குக் கட்டளை இடுவதை விட்டுத் தகவல் சொல்வதில் இருக்கிறது. “இன்றே அள்ளுங்கள்” என்பது “வரும் ஞாயிறு வரை கிடைக்கும்” என்று ஆக வேண்டும்.

## 6. இரங்கல் பதிவு எழுதுவதா, வேண்டாமா

எல்லாக் கடையும் இரங்கல் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதில்லை. மௌனமும் மரியாதைதான். ஊரோடும் நடந்ததோடும் உங்களுக்குத் தொடர்பு இருந்தால் எழுதுங்கள். எழுதினால் சுருக்கமாக எழுதுங்கள்.

தலைவர்களுக்குக் “காலமானார்” என்பது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். விபத்தில் இறந்தோரை “உயிரிழந்தோர்” என்று சொல்லுங்கள். “பலி” என்பது செய்தித் தலைப்பின் சொல். இறந்தவர் வீட்டார் படிக்கும் இடத்தில் அது வேண்டாம். எண்ணிக்கையையும் எழுதாதீர்கள். பெருந்துயரங்களில் அது மணிக்கு மணி கூடும். பழைய எண்ணோடு நிற்கும் படம், இறந்தவர்களில் சிலரை விட்டுவிட்டதாக ஆகிவிடும். யார் காரணம் என்பதையும் கடையின் பெயரில் எழுத வேண்டாம். விசாரணை நடக்கும் விஷயம் அது.

“கரூரில் உயிரிழந்தோரின் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். சிகிச்சை பெறுவோர் விரைவில் நலம்பெற வேண்டுகிறோம்.” இவ்வளவு போதும். படத்தின் அடியில் கடையின் தொலைபேசி எண்ணும் கிளைகளின் முகவரியும் இருக்கக் கூடாது. வழக்கமாகப் பயன்படுத்தும் வார்ப்புருவில் அவை தாமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே துக்கப் பதிவுக்கென்று வெற்றுப் பின்னணியுடன் ஒரு வார்ப்புருவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். விபத்து இடத்தின் படங்களும் இறந்தவர்களின் முகங்களும் வேண்டவே வேண்டாம். அந்தப் பதிவுக்குப் பணம் கட்டிப் பரப்பவும் கூடாது.

## 7. மீண்டும் தொடங்குவது

நிறுத்தியது ஒரே நேரத்தில் என்றாலும், தொடங்குவது படிப்படியாக நடக்க வேண்டும். முதலில் ஒரு தகவல் பதிவு. அதற்கு வரும் கருத்துகளை ஒரு நாள் பாருங்கள். மக்கள் விலையையும் அளவையும் கேட்கத் தொடங்கியிருந்தால், வழக்கமான பதிவுகளுக்குத் திரும்பலாம். விற்பனை அறிவிப்பும் கொண்டாட்டமும் கடைசியில் வரட்டும்.

கருவியில் தொடங்கு பொத்தானை அழுத்துவதற்கு முன், ஒவ்வொரு பதிவின் தேதியையும் கையால் மாற்றிவிடுங்கள். நேரம் கடந்த பதிவுகளைச் சில கருவிகள் அடுத்தடுத்து வெளியிட்டுவிடும், சில அப்படியே கிடப்பில் போட்டுவிடும். எது நடக்கும் என்று உங்கள் கருவியில் ஒரு சோதனைக் கணக்கை வைத்து முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. “இன்று மட்டும்”, “நாளை முதல்” என்ற சொற்கள் உள்ள பதிவுகளைத் தனியாகத் தேடுங்கள். ஜனவரி 2ஆம் தேதி எங்களிடம் “இன்னும் மூன்று நாளில் புத்தாண்டு” என்றொரு பதிவு வரிசையில் நின்றிருந்தது.

கட்டண விளம்பரங்களில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுப்பு ஏழு நாளோ அதற்கு மேலோ நின்றிருந்தால், மீண்டும் தொடங்கும்போது அது கற்றல் நிலைக்குத் திரும்பும். `Learning` என்ற சொல் திரையில் தோன்றும். முதல் சில நாள்கள் செலவு ஏறி இறங்கும். உரிமையாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், அந்த நாள்களின் கணக்கைப் பார்த்துப் பதறி விளம்பரத்தை மாற்றாதீர்கள். இரண்டாவது, நாளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் மொத்தத் தொகை குறித்த விளம்பரம் என்றால், நின்ற நாள்களின் பணமும் மீதமுள்ள நாள்களில் செலவாகும். முடியும் தேதியைத் தள்ளிவைக்காமல் தொடங்கினால், துக்கம் முடிந்த மறுநாளே உங்கள் விளம்பரம் வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். தேதியை நீட்டிய பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

## 8. தவறி ஒன்று வெளியே போய்விட்டால்

உடனே நீக்குங்கள். அதற்கு முன் ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த வழியாகச் சென்றது என்று பின்னால் கண்டுபிடிக்க அது உதவும். யாரும் பார்க்கவில்லை என்றால் அதோடு விடலாம். கருத்துகள் வந்துவிட்டிருந்தால் ஓசையின்றி நீக்குவது கோபத்தைக் கூட்டும். “முன்கூட்டியே நேரம் குறித்திருந்த பதிவு இன்று காலை வெளியாகிவிட்டது. நிறுத்தத் தவறியது எங்கள் பிழை. மன்னிக்கவும்.” என்று எழுதுங்கள். கருவி செய்த தவறு, ஊழியர் செய்த தவறு என்று தள்ளிவிடாதீர்கள். கண்டித்து எழுதியவரின் கருத்தையும் நீக்காதீர்கள். அவர் இறந்தவரின் உறவினராகவே இருக்கலாம்.

எல்லாம் வழக்கத்துக்குத் திரும்பிய பிறகு, முதல் பகுதியில் சொன்ன பட்டியலை எடுத்து, இந்த முறை தெரியவந்த வழி ஏதேனும் இருந்தால் சேருங்கள். உள்ளூர்த் துயரம் என்றால், அடுத்த ஆண்டின் அதே தேதியைப் பதிவு நாள்காட்டியில் இப்போதே அடைத்துவிடுங்கள்.